பார்த்தீரா, கேட்டீரா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். அழகியமண்டபம் பக்கம் ரோட்டோரம் சாயாக்கடை வைத்திருக்கிறேன். 2025 ஜூனில் ஒருநாள் விடியக்காலை ஐந்தே முக்கால் இருக்கும், நல்ல மழை. கடைக்குள் அடுப்புப் பக்கம் நின்றேன். பெரிய சத்தம். வெளியே ஓடினால், ரப்பர் வெட்டப் போகிற ஒருவர் பைக்கோடு கிடக்கிறார். லாரி போய்விட்டது. பைக்கில் வந்த, முன்பின் தெரியாத ஒரு பையன் ரோட்டில் நின்று, "மஞ்ச டாரஸ்! ராங் சைடுல ஏறி அடிச்சிட்டுப் போறான்!" என்று கத்தினான். "நம்பர் பாத்தியா மக்களே?" என்று கேட்டேன். "கடைசி 3318" என்றான். பால் சிட்டையில் எழுதிக்கொண்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டான். அடிபட்டவரை ஆட்டோவில் கொண்டுபோகும்போது, "அவன் எனக்க சைடுல ஏறி வந்தான்" என்று ரெண்டு தடவை சொன்னார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். விபத்து நடந்த அன்று சாயங்காலமே கடையில், டிரைவர் குடித்திருந்தான் என்று பேச்சு. லாரியைப் போலீஸ் பிடித்துவிட்டது. டிரைவரோ அந்த நேரத்தில் அங்கே வரவே இல்லை என்கிறானாம். எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. போலீஸ் எழுதியதில் லாரியையும் நம்பரையும் நானே பார்த்ததாக இருக்கிறதாம். கடைக்கு வருகிற ஒரு குமாஸ்தா, "பார்த்தேன் என்று சொன்னால்தான் கேஸ் நிற்கும், ஒருத்தன் சொல்லிக் கேட்டேன் என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: பார்த்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அண்ணாச்சி. பொய்ச் சாட்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் காதால் கேட்டதில் கோர்ட்டுக்குப் பயன்படுகிற சரக்கு கணிசமாக இருக்கிறது. கண்ணால் கண்டதாக ஒரு பொய்யைச் சேர்த்தால் அந்தச் சரக்கும் சேர்ந்து போய்விடும். குமாஸ்தா சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் விளக்கப் போகிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் வந்துவிட்டது. உங்கள் வழக்கு அதற்குப் பிந்தியது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, நம் விஷயத்தில் விதி பழைய விதிதான். 55-ஆம் பிரிவு சொல்வது இது: வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். பார்க்கக்கூடிய சங்கதி என்றால் அதைப் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும், கேட்கக்கூடிய சங்கதி என்றால் அதைக் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும். இதில் பலருக்குத் தப்பிப்போகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பையன் கத்தியதை நீங்கள் நேரடியாகக் கேட்டீர்கள். ஆகவே "ஒருவன் இப்படிக் கத்தினான்" என்ற விஷயத்துக்கு நீங்கள் நேரடிச் சாட்சி. "லாரி தவறான பக்கம் வந்தது" என்ற விஷயத்துக்கு மட்டும் நீங்கள் நேரடிச் சாட்சி இல்லை. அதைப் பார்த்தது அவன் கண். அதை நீங்கள் சொன்னால் செவிவழிச் சாட்சியம்.

அவன் கண்ணைக் கோர்ட் ஏன் உங்கள் வாய் வழியாக நம்ப மறுக்கிறது? அந்தப் பையன் கூண்டில் ஏறியிருந்தால் டிரைவரின் வக்கீல் என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். "தம்பி, ஜூன் மாசத்துல நம்ம ஊர்ல சூரியன் உதிக்கவே ஆறு மணி தாண்டும். ஐந்தே முக்காலுக்கு, அதுவும் கொட்டுற மழையில, ஹெல்மெட் கண்ணாடி வழியா லாரியோட பின்பக்க நம்பரை எத்தனை அடி தூரத்துல படிச்சே?" "3318-ஆ, 3813-ஆ?" "லாரிக்கு முன்னால போனியா, பின்னால வந்தியா?" "இறந்தவர் உனக்குச் சொந்தமா?" ஏன், "இடிச்சது உன் பைக் இல்லையே?" என்றுகூடக் கேட்பார். இதில் எந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் கிடையாது. உங்களைக் குறுக்கு விசாரணை செய்தால் உங்கள் காது கூர்மையா என்று பார்க்கலாம், அவன் கண் கூர்மையா என்று பார்க்க முடியாது. சத்தியப் பிரமாணம் எடுத்ததும் நீங்கள், அவன் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2011-இல் கல்யாண் குமார் கோகோய் வழக்கில் இதற்கு மூன்று காரணம் சொன்னது. இப்படிச் சொல்கிறவருக்குப் பொறுப்பு இருப்பதில்லை, நெருக்கினால் "எனக்குத் தெரியாது, அவன் சொன்னான்" என்று ஒதுங்கிக்கொள்ளலாம். கை மாற மாற உண்மை நீர்த்துப் போகிறது. அனுமதித்தால் மோசடிக்கு வழி திறக்கும். முதல் இரண்டும் சாயாக்கடை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் மஞ்சள் டாரஸ் என்று கிளம்பிய பேச்சு, சாயங்காலத்துக்குள் குடித்திருந்த டிரைவர் வரை வந்துவிட்டதே.

இனி குமாஸ்தா விட்டுவிட்ட பாதிக்கு வருகிறேன். ஒருவர் இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலே செவிவழிச் சாட்சியம் ஆகிவிடாது. அந்தச் சொல்லை எதற்காகக் கோர்ட்டில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இதற்கு உலகம் முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிற வழக்கு ஒரு சுப்பிரமணியத்துடையது. மலாயாவில் அவசரநிலைக் காலம், 1955. காயத்தோடு பிடிபட்டார், அவரிடம் 20 தோட்டா இருந்தது. அன்றைய சட்டத்தில் அதற்குத் தூக்கு. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தன்னைப் பிடித்து, கொன்றுவிடுவதாக மிரட்டித்தான் வைத்திருந்தார்கள் என்பது அவர் கட்சி. அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, அந்தக் கெரில்லாக்களே சாட்சிக்கு வந்தால் ஒழிய அது செவிவழி என்று விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார். தூக்கும் விதிக்கப்பட்டது. 1956-இல், பிரிட்டிஷ் காலனிகளுக்கு மேல்முறையீட்டுக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மிரட்டல் உண்மையாகவே நிறைவேறியிருக்குமா என்பதற்காக அந்தச் சொல் வரவில்லை. அப்படி ஒரு மிரட்டல் சொல்லப்பட்டது, அதைக் கேட்டவன் மனசில் பயம் உண்டானது என்று காட்டத்தான் வந்தது, அதற்கு அவர் காதே நேரடிச் சாட்சி என்றார்கள்.

இதை உங்கள் சிட்டைக்குப் பொருத்திப் பாருங்கள். "ஒரு பையன் 3318 என்றான், நான் எழுதிக்கொண்டேன், போலீஸ் வந்ததும் சொன்னேன்" என்று சொல்வதில் எந்தத் தடையும் இல்லை. போலீஸ் ஏன் அந்த எண்ணில் முடிகிற மஞ்சள் டாரஸைத் தேடிப் போனது என்பதை அது விளக்குகிறது. அந்த லாரிதான் இடித்தது என்பதை மட்டும் அது நிரூபிக்காது. அதை நிரூபிக்கப் போலீஸ் பிடித்துவந்த லாரி இருக்கிறது: பம்பரில் கீறல் உண்டா, அதில் ஒட்டியிருந்த பெயின்ட் இறந்தவரின் பைக்குடையதா, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து என்ன எழுதினார், வழியில் ஏதாவது பங்க் கேமராவில் அந்த நேரத்துக்கு லாரி போனது பதிவாகியிருக்கிறதா. கேமராப் பதிவு என்றால் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு வந்திருக்க வேண்டும், அது புலனாய்வு அதிகாரியின் வேலை. ஒரு பையன் கத்திய நாலு எண் போலீஸைச் சரியான வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தால் அதன் வேலை அங்கேயே முடிந்தது. அதன்பின் வழக்கு லாரியின் மேல் நிற்கிறது, பையனின் மேல் இல்லை.

ஆனால் அரசுத் தரப்பு அதற்கு மேலும் ஒரு படி போகப் பார்க்கலாம். பையன் கத்தியதையே உண்மைக்கான சாட்சியமாகக் கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு, 4-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 6. ஒரு சம்பவத்தின் போதோ, அதை ஒட்டி உடனேயோ, அந்தச் சம்பவத்தோடு பிரிக்க முடியாதபடி வருகிற பேச்சும் செயலும் அந்தச் சம்பவத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். சட்டம் தருகிற முதல் உதாரணமே, ஒருவன் இன்னொருவனை அடித்துக் கொல்லும்போது அவர்கள் இருவர் மட்டுமல்ல, அருகில் நின்றவர்கள் சொன்னதும் ஏற்கத்தக்கது என்கிறது. அருகில் நின்றவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. காரணம் எளிது. கண் முன்னால் ஒருவன் அடிபட்டு விழுந்த அந்த நொடியில் வாயில் வருவது தானாக வருவது, ஜோடித்துப் பேச நேரம் இல்லை.

அந்த நேரம் எவ்வளவு என்பதில்தான் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும். முன்பின் தெரியாத ஒருவரின் வார்த்தையைப் பற்றிய வழக்கு ஒன்றே இருக்கிறது, 1952-இல் பிரிவி கவுன்சிலுக்கு வந்தது, டெப்பர் வழக்கு. தென் அமெரிக்காவில் அன்றைய பிரிட்டிஷ் கயானா. காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மனைவி பெயரிலிருந்த கடைக்குத் தீ வைத்தார் என்று ஒருவர் மேல் குற்றச்சாட்டு. ஒரு போலீஸ்காரர் வந்து, தெருவில் ஒரு பெண் குரல் "உன் கடை எரியுது, நீ தீயை விட்டுட்டுப் போறியே" என்று கத்தியதைக் கேட்டேன், உடனே ஒரு கார் கடந்தது, உள்ளே இவரைப் போல ஒருவர் இருந்தார் என்று சொன்னார். அந்தப் பெண் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கீழ்க் கோர்ட் ஏற்றுக்கொண்டது, பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. அவள் கத்தியது தீப்பிடித்துக் குறைந்தது 26 நிமிடம் கழித்து, தீயிலிருந்து ஒரு ஃபர்லாங்குக்கும் அதிகத் தொலைவில். அது தீயின் பகுதி இல்லை, தீயைப் பற்றிய பேச்சு என்று தள்ளி, தண்டனையையும் ரத்து செய்தார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராக இருந்திருக்கிறது. 1993-இல் ஆந்திராவில் ஒரு பஸ்ஸைக் கொளுத்திய வழக்கில், தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பயணியிடம் மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்கினார். அந்தப் பயணி பிழைத்துவிட்டார். பிழைத்தவருடையது மரண வாக்குமூலம் ஆகாது என்பதால், சம்பவத்தின் பகுதி என்ற இந்த வாசல் வழியாக உள்ளே விடக் கேட்டார்கள். ஜோடிக்கப் போதுமான இடைவெளி விழுந்துவிட்டால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சம்பவத்தின் பகுதி இல்லை என்று 1996-இல் மறுத்துவிட்டார்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் காதில் விழுந்ததைத் துண்டு துண்டாகப் பார்க்கிறேன். "மஞ்ச டாரஸ்! ராங் சைடுல ஏறி அடிச்சிட்டுப் போறான்!" என்ற முதல் கத்தல் நன்றாகவே நிற்கும் என்பது என் எண்ணம். சத்தம் கேட்டு நீங்கள் ஓடி வருவதற்குள் அவன் கத்துகிறான், இடம் அதே ரோடு, யாரும் கேட்டு அவன் சொல்லவில்லை. "போறான்" என்கிறான், "போனான்" என்று சொல்லவில்லை. லாரி இன்னும் அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த ஒரு சொல்லை வைத்தே வாதாடலாம். ஆகவே அந்தச் சொல்லைத் திருத்தாமல் சொல்லுங்கள். "லாரி தவறான திசையில் வந்து மோதிவிட்டுச் சென்றதாகத் தெரிவித்தார்" என்று போலீஸ் தமிழில் சொன்னால், அந்த அவசரம் முழுக்கப் போய் ஆற அமரச் சொன்ன கதை மாதிரி ஆகிவிடும்.

நம்பர் கொஞ்சம் சிக்கல். நீங்கள் கேட்டு அவன் சொன்னான். கேள்விக்குப் பதில் என்பதாலேயே அது அடிபட்டுப் போகாது, இடைவெளி சில நொடிதான். ஆனாலும் எதிர்த்தரப்பு, "தானாக வந்த கத்தல் அதோடு முடிந்தது, இது யோசித்துச் சொன்ன தகவல்" என்று பிரிக்கப் பார்க்கும். அதற்கும் மேலே இருட்டு, மழை. ஏற்றுக்கொண்டாலும் நீதிபதி அதற்குக் கொடுக்கிற எடை குறைவாகத்தான் இருக்கும். கோர்ட்டில் ஒரு சாட்சியம் உள்ளே வருவது ஒன்று, அது எடை தாங்குவது வேறொன்று. பம்பர் கீறல் நம்பரோடு ஒத்துப்போனால் எடை தானாக ஏறும்.

சாயங்காலப் பேச்சுக்கு எந்த வாசலும் இல்லை. சொன்னவர் பார்த்தாரா என்றே தெரியாது, பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்டது, யாரோ சொன்னதை யாரோ சொன்னது. அதைக் கூண்டில் சொல்லவே சொல்லாதீர்கள். டிரைவர் குடித்திருந்தாரா என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பதே முழுப் பதில்.

ஆட்டோவில் அவர் சொன்னதுதான் உங்களிடம் இருக்கிற மிகப் பெரிய சாட்சியம். அதைப் பற்றிக் குமாஸ்தா ஒரு வார்த்தையும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். ஒருவேளை மரண வாக்குமூலம் என்றால் மாஜிஸ்திரேட் வந்து எழுத வேண்டும், டாக்டர் சான்று கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். சினிமா பார்த்து நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறோம். 26-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, பழைய 32(1), அப்படி எதுவும் கேட்பதில்லை. தன் சாவுக்கான காரணத்தையோ, அந்தச் சாவில் முடிந்த சம்பவத்தின் சூழ்நிலையையோ இறந்தவர் யாரிடம் சொல்லியிருந்தாலும், அவருடைய சாவின் காரணம் கேள்விக்கு உள்ளாகிற வழக்கில் அது ஏற்கத்தக்கது. எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. சாயாக்கடைக்காரரிடம் ஆட்டோவில் சொன்னாலும் போதும். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் இறந்துவிடுவோம் என்ற நிச்சயத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்று இருந்தது, நம் சட்டத்தில் அந்த நிபந்தனையும் கிடையாது. ஆறு நாள் இடைவெளியும் தடையில்லை. டாக்டர் சான்றே கட்டாயமில்லை, சொன்னவர் தெளிவாக இருந்தார் என்று சாட்சி திருப்திகரமாகச் சொன்னால் போதும் என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்திருக்கிறது.

இங்கே தவறிப்போகக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, அவர் அந்த விபத்துக் காயத்தால்தான் இறந்தார் என்று பிரேதப் பரிசோதனை சொல்ல வேண்டும். ஆறு நாளில் வேறு நோயால் இறந்திருந்தால் அந்தப் பேச்சு இந்த வாசல் வழியாக நுழையாது. இரண்டாவது, சொல்லும்போது அவருக்குச் சுயநினைவு இருந்ததா. இதற்குச் சாட்சி நீங்களும் ஆட்டோக்காரரும்தான். உங்களை அடையாளம் தெரிந்ததா? வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா? இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் நினைவில் இருந்தால் அவை பெரிய டாக்டர் சான்றுக்கு நிகராக வேலை செய்யும். "அவன் எனக்க சைடுல ஏறி வந்தான்" என்பதை அவர் பேச்சிலேயே சொல்லுங்கள். "எனக்க" என்பதை "என்னுடைய" என்று மாற்ற வேண்டாம். டைப் செய்கிறவருக்குப் புரியாவிட்டால் அவர் கேட்பார்.

அவர் "3318" என்று சொல்லவில்லை, "டாரஸ்" என்றுகூடச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். "அவன்" யார் என்பதை அவர் வார்த்தை காட்டாது. எந்த லாரி என்பதை நம்பரும் பெயின்டும் காட்ட வேண்டும், லாரி எப்படி வந்தது என்பதை இறந்தவரின் சொல்லும் பையனின் கத்தலும் காட்ட வேண்டும். இரண்டும் தனித்தனிப் பூட்டு. அரசுத் தரப்பு இரண்டையும் திறந்தாக வேண்டும்.

டிரைவர் அங்கே வரவே இல்லை என்கிறாரே, அதை உடைக்க எடைமேடைச் சீட்டு உதவலாம். கல் ஏற்றிய லாரி எடைமேடையைத் தொடாமல் போவது அபூர்வம், சீட்டில் வண்டி எண்ணும் நேரமும் இருக்கும். சீட்டும் ஒரு வகையில் பார்த்தால் அந்த இடத்தில் இல்லாத ஒருவரின் சொல்தான். சாதாரணமாக அதை எழுதிய எடைமேடை ஊழியர் வந்து நிரூபிப்பார். நம் மாவட்டத்தில் என்ன நடக்கும்? வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த ஊழியர் துபாய்க்கோ கத்தாருக்கோ போயிருப்பார். அப்போது 26-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு கைகொடுக்கும்: இறந்துவிட்ட, கண்டுபிடிக்க முடியாத, அல்லது நியாயமற்ற தாமதமும் செலவும் இல்லாமல் வரவழைக்க முடியாத ஒருவர், தன் அன்றாடத் தொழில் முறையில் எழுதிய குறிப்பு ஏற்கத்தக்கது. தினம் நூறு சீட்டு எழுதுகிறவனுக்கு இந்த ஒரு சீட்டில் பொய் எழுத என்ன காரணம் என்பதுதான் இதன் பின்னால் இருக்கிற யோசனை. கண்டுபிடிக்க முடியாதவர் என்றால் நம் பைக் பையனும் இதில் வருவானே என்று உங்களுக்குத் தோன்றலாம். வர மாட்டான். ஆளைக் காணவில்லை என்பது மட்டும் போதாது, சொன்ன சொல் அந்தப் பிரிவு பட்டியல் போட்ட வகைகளில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். ரோட்டில் கண்ட விபத்தைச் சொல்வது அந்த வகைகளில் இல்லை. அவனுக்கு 4-ஆம் பிரிவு ஒன்றுதான் வழி.

இனி போலீஸ் எழுதிய "நானே பார்த்தேன்". அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. விசாரணையின்போது போலீஸ் எழுதுகிற வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதை வைத்துக் கோர்ட்டில் உங்களை முரண்படுத்தலாம், அவ்வளவுதான். பலபேர் சொன்னதை ஒரே மாதிரி எழுதும்போது "ஒருவர் சொன்னார்" என்பது "பார்த்தேன்" ஆகிவிடுவது நான் அடிக்கடி காண்கிற கூத்து. சம்மன் தேதியில் காலையிலேயே பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போய், உதவி அரசு வழக்கறிஞரைப் பார்த்து, "சார், நான் லாரியைப் பார்க்கல. ஒரு பையன் கத்தினான், நான் எழுதிக்கிட்டேன். போலீஸ் வேற மாதிரி எழுதியிருக்காங்களாம்" என்று கூண்டில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளிக்கலாம். உங்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்க அனுமதி கேட்கக்கூடும். அதற்குப் பயப்பட வேண்டாம். பிறழ் சாட்சி என்று அறிவித்ததாலேயே உங்கள் சாட்சியம் முழுக்க அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பது நிலைத்த சட்டம்.

பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நான் ஜூனியராக இருந்தபோது கண்டது ஒன்று. அதுவும் இடித்துவிட்டுப் போன லாரிதான். சாட்சி உண்மையில் அடிபட்டவரைத் தூக்கியவர், நல்ல மனிதர். யாரோ சொன்ன நம்பரைத் தானே படித்ததாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் நம்பரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "நம்பர் பிளேட் என்ன கலர்?" என்றார். "வெள்ளை" என்றார் சாட்சி. வாடகைக்கு ஓடுகிற லாரிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அடுத்த கேள்வி, "நீங்க எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க?" அதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பதரைத் தள்ளிவிட்டு நெல்லை எடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அவர் தூக்கிக்கொண்டு போகும்போது அடிபட்டவர் சொன்னதைக்கூட அந்த நீதிபதி நம்பவில்லை. உங்கள் ஆட்டோப் பேச்சுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

கூண்டில் ஏறியதும் கேள்வி அநேகமாக, "சம்பவத்தைப் பார்த்தீரா?" என்றுதான் வரும். "பார்க்கல. சத்தம் கேட்டு வந்தேன். வரும்போது லாரி இல்ல. ஒரு பையன் கத்தினான்" என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள். "என்ன கத்தினான்?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டதும் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். அப்போது வாயை மூடிக்கொண்டு நீதிபதியைப் பாருங்கள். அனுமதித்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள். அது அவர்களுக்குள் முடிக்க வேண்டிய சட்டப் பிரச்சினை. பையனுக்கு என்ன வயசு, அவன் நேரில் பார்த்தானா என்று கேட்டால், நீங்கள் கண்டதை மட்டும்: மூச்சு வாங்கினானா, கையை எந்தப் பக்கம் நீட்டினான், பைக் எந்தத் திசை பார்த்து நின்றது. அவன் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த நீட்டிய கையே ஆதாரமாகலாம்.

அந்தப் பையன் கிடைத்துவிட்டால் இத்தனை பேச்சும் தேவையில்லை. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் புதிய சாட்சியை அழைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதே நேரத்துக்கு அந்த வழியே போகிறவன் என்றால் மீன் எடுக்கப் போகிறவனாகவோ, வேறு தோட்டத்துக்கு வெட்டப் போகிறவனாகவோ இருக்கலாம். உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் விசாரியுங்கள். தெரியவந்தால் நீங்களே போய்ப் பேசிச் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைக்க வேண்டாம். இன்ஸ்பெக்டரிடமோ அரசு வழக்கறிஞரிடமோ பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் போய்ப் பேசினால், "சொல்லிக் கொடுத்த சாட்சி" என்று எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்.

இறந்தவர் குடும்பம் நஷ்டஈட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால், அங்கேயும் உங்களைக் கூப்பிடலாம். அங்கே இந்த விதிகள் இவ்வளவு இறுக்கம் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிகம் வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அங்கேயும் அதே சொற்கள்தான். ஒரு கோர்ட்டில் கேட்டேன், இன்னொன்றில் பார்த்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

கடைசியாக அந்தப் பால் சிட்டை. போலீஸ் அதை வாங்கிக்கொண்டு போயிருந்தால், வழக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களிடமே இருந்தால் அப்படியே கொண்டுபோங்கள். சம்பவத்தை ஒட்டி உடனே எழுதியது என்பதால், 162-ஆம் பிரிவின்படி அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு பேசலாம். எதிர்த்தரப்பும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும், அதை வைத்துக் கேள்வி கேட்கும். மழையில் நனைந்து எண் மங்கியிருந்தால் அதன்மேல் பேனாவால் எழுதித் தெளிவாக்க வேண்டாம். மேலே எழுதியிருக்கிற பால் கணக்கையும் கிழித்துவிட வேண்டாம், அன்றைய தேதிப் பால் கணக்குக்குக் கீழே அந்த எண் இருக்கிறது என்பதுதான் அது அன்று எழுதியது என்பதற்குச் சாட்சி.